சீட்டி விரிப்பில் படுத்திருந்தவர்

பளபளக்கிற துணி எதைப் பார்த்தாலும் நான் முதலில் அதைச் சாய்த்துப் பார்ப்பேன். நேருக்கு நேர் பார்த்தால் எல்லாத் துணியும் நல்ல துணிதான். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி காட்டினால்தான் அதன் யோக்கியதை தெரியும். எங்கே மெருகு இருக்கிறது, எங்கே செத்துப்போய்விட்டது என்பதை அப்போது எந்தத் துணியாலும் மறைக்க முடியாது. ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர்கள் இதற்காக என் மேல் எரிந்து விழுந்திருக்கிறார்கள். விழட்டும். ஒரு கட்டில் விரிப்பால் வந்த பழக்கம் இது. 

நாங்கள் வண்ணார். குடியாத்தத்துப் பக்கத்திலிருந்து கோலார் தங்க வயலுக்குப் பிழைக்க வந்தவர்கள். பங்களாக்களுக்குக் கீழே ஏரிக்கரையில் எங்கள் துறை. அதை ஒட்டி ஒரு குடிசை. குடிசை எங்களுடையதல்ல, கம்பெனியுடையது. கேப்டன் துரை வீட்டுச் சலவை எங்கள் கையில் இருக்கும்வரை நாங்கள் அதில் இருக்கலாம். கேப்டன் என்றால் கப்பல்காரர் இல்லை. சுரங்கத்துக்குள்ளே ஆட்களை வேலை வாங்கும் வெள்ளைக்காரரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

மாமனார் துவைப்பார். என் வீட்டுக்காரர் மூட்டை சுமப்பார், அலசுவார். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெட்டி போடுவது என் வேலை. புளியங்கட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை நான் தூக்கினால் சட்டையின் மார்பு கண்ணாடியாக நிற்கும் என்று துரை வீட்டுப் பட்லர் சொல்வார். நான் அடக்கமானவள் இல்லை. அவர் சொன்னது உண்மைதான். எழுதப் படிக்கப் பிற்பாடுதான், மிஷன் வீட்டுக்குத் துணி தேய்த்த காலத்தில், அங்கிருந்த உபதேசியார் மனைவியிடம் கற்றுக்கொண்டேன். பெட்டி போட யாரும் கற்றுத்தரவில்லை. சுட்ட விரல்கள் கற்றுத்தந்தன.

அந்த விரிப்பு சீமையிலிருந்து வந்திருந்தது. துரைசானியின் தாயார் அனுப்பியது. பூ அச்சுப்போட்ட சீட்டித் துணி நமக்குப் புதிது இல்லை, ஆனால் இது வேறு ரகம். பெரிய சிவப்புப் பூ, பச்சைக் கொடி, வெளிர் மஞ்சள் தரை, எல்லாவற்றின் மேலும் எண்ணெய் தடவினது போல ஒரு பளபளப்பு. தொட்டால் துணி மாதிரியே இல்லை, வாழையிலையின் மேல்பக்கம் மாதிரி வழுக்கியது. மடித்து வந்ததால் மடிப்பு விழுந்திருந்தது. அதை மட்டும் எடுத்துத் தரவேண்டும். பட்லர் மூட்டையை இறக்கும்போதே துரைசானி சொன்னதைச் சொல்லிவிட்டார்.

“பெரியவரே, இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதாம். அம்மா குடுத்ததாம். இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வேற வண்ணான பாத்துக்குவேன்னாங்க. தங்கச்சி சீமையில இருந்து வர்றாங்க, ஞாயித்துக்கெழம கட்டில்ல இது இருக்கணும்.”

வேறு வண்ணான் என்றால் குடிசையும் வேறு ஆளுக்கு. அது அவர் சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது.

மடிப்பை நான் எடுத்தேன். சாதாரணச் சாயத் துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டுத்தான் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பக்கம் தேய்த்த இடமெல்லாம் அசிங்கமாக மின்னும். இதற்கு எல்லாம் தலைகீழ். மின்ன வேண்டியதே இதன் பிழைப்பு. ஆகையால் பூப்பக்கத்தை மேலே வைத்து, தண்ணீர் தெளிக்காமல், உலர்ந்த துணியாகவே, மிதமான சூட்டில் பெட்டியை ஓட்டினேன். சூடு அதிகமானால் மேலே பூசியிருக்கும் மெழுகு பெட்டியில் ஒட்டும், மஞ்சளாகக் கருகும். முதலில் யாருக்கும் தெரியாத ஓரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நடுவுக்கு வந்தேன். தேய்த்ததை மறுபடி மடிக்காமல் மூங்கில் கழியில் பாய் மாதிரி சுருட்டி வைத்தேன், மடித்தால் அந்தக் கோட்டில் மெருகு உடையும். அன்றைக்கு என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் சாவுச் செய்தி வந்தது.

லைன் வீடுகளில் ஒருவர். லைன் என்பது சுரங்க ஆட்களின் தட்டிக் குடிசைகள், வரிசை வரிசையாக இருக்கும். வெடி வைத்த இடத்தில் புகை அடங்குமுன் உள்ளே இறங்கியிருக்கிறார். மேலே கொண்டுவந்தபோது உடம்பில் ஒரு கீறல் இல்லை, மூச்சும் இல்லை. நெட்டையான மனிதர். வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடையாது, பழைய வெடி ஒன்று எடுத்துக்கொண்டது. மீதி மூன்று விரல்களால் அவர் சம்மட்டி பிடிக்கிற அழகைத் துறையில் நின்று நாங்களே பேசியிருக்கிறோம். கல்யாணம் ஆகி அதிக நாளாகவில்லை.

எங்கள் முறைப்படி சாவு வீட்டுக்கு வண்ணான்தான் மாற்று விரிக்க வேண்டும். மாற்று என்றால் குளிப்பாட்டின உடம்பைப் படுக்கவைக்கிற துணி. பிணம் எடுத்த பிறகு அதை வண்ணானே திரும்பக் கொண்டுபோய்விடுவான். யார் வீட்டுத் துணியையாவது விரிப்பான், வெளுத்துத் திரும்பக் கொடுப்பான். கொடுத்தவருக்கும் தெரியாது, படுத்தவருக்கும் தெரியாது. ஊரில் காலங்காலமாக நடப்பது இது. சாவு வீட்டுக்கு மாற்று இல்லை என்று சொன்ன வண்ணான் எங்கள் குலத்தில் கிடையாது.

ஆனால் அந்த வாரம் முழுக்கத் தூறல். துறையில் இருந்த துணி எல்லாம் ஈரம். கொடியில் ஈரம், மூட்டையில் ஈரம். குடிசையில் உலர்ந்து கிடந்தது மூங்கிலில் சுருட்டிய அந்தச் சீட்டி ஒன்றுதான். மாமனார் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“வேணா மாமா.”

“இன்னா பொண்ணே, ஈரத் துணியிலயா அவன படுக்க வெக்கறது? துணி துணிதான். வெளுத்தா வந்துடும்.”

மூங்கிலோடு எடுத்து அவர் தோளில் வைத்தேன். துவைப்பில் அவர் சொல்தான் எங்கள் வீட்டில் சட்டம். மழையில் வாசலில் வைத்து வெந்நீரில் குளிப்பாட்டி, அவசரமாகத் துடைத்தும் துடைக்காமலும், ஈர வேட்டியோடு அவரைக் கொண்டுவந்து அந்தப் பூக்களின் மேல் கிடத்தினார்கள். மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை கிடந்தார். பெண்கள் எல்லோரும், நல்ல விரிப்பு விரித்தார் வண்ணார் என்று புகழ்ந்தார்கள். மாற்றுக்குக் கூலியாக ஒரு முறம் அரிசி வந்தது.

காலையில் நான்தான் முதலில் பார்த்தேன். அழுக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. தூசி தட்டி, மறுபடி பெட்டி போட்டுக் கொடுத்துவிடலாம் என்று வாசலில் பிரித்தேன். தூறல் விட்டு, வெயில் தாழ்வாக, ஏரிக்கு மேலே படுத்துக்கொண்டு வந்தது. துணியின் ஓரத்தைத் தூக்கினேன். வெளிச்சம் அதன் மேல் வழுக்கிக்கொண்டே போய், நடுவில் நின்றுவிட்டது.

அவர் அங்கே படுத்திருந்தார்.

கறை என்றால் கறை இல்லை. பூவெல்லாம் பூவாகவே இருந்தது, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. பளபளப்பு மட்டும் ஒரு மனிதன் அளவுக்கு இல்லை. வட்டமாகத் தலை, அதைச் சுற்றி விரிந்த ஈர முடி, அகன்ற தோள், முதுகு, நீண்ட கால்கள், இரண்டு குதிகால்கள். முகம் இல்லை. துணியில் பட்டது பின்தலைதான், முகம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வலது கை விரித்தபடி. மூன்று விரல்கள்.

ஓரத்தை இறக்கினேன், அவர் மறைந்தார். தூக்கினேன், வந்தார். இறக்கவும் தூக்கவும் என்று நான் அதையே செய்துகொண்டிருந்தேன், நிறுத்த முடியவில்லை. பேய்க்கு நான் பயப்படுகிறவள் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மாமனாரைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரு தடவைதான் பார்த்தார்.

“அய்யய்யோ, அவன் இன்னும் போவலடி.”

“பெட்டி வெச்சிப் பாக்கறேன் மாமா.”

“வெய்யி. சூடா வெய்யி.”

வைத்தேன். அந்த இடத்தில் மட்டும் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். தோளிலிருந்து தொடங்கினேன். உயிரோடு இருந்த நாளில் நான் தொட்டே இராத ஓர் ஆணின் முதுகை இப்படித் தேய்க்கிறோமே என்று ஒரு கூச்சம், ஒரு குமட்டல். தேய்க்கத் தேய்க்க மங்கல் குறைந்தது. கடைசியில் சாய்த்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட ஒன்றும் தெரியவில்லை. கையைத்தான் கடைசியாகத் தேய்த்திருந்தேன். மாமனார் பெருமூச்சு விட்டார், சுடுசோறு தின்றார். அன்றைக்கு மூடுபனி இறங்கியது. மார்கழிக்கு முன்னால் அந்த ஊரில் இறங்கும் பனி குடிசைக்குள்ளேயே வந்து உட்காரும்.

மறுநாள் காலை துணியைச் சாய்த்தேன். அவர் திரும்ப வந்திருந்தார். முந்தின நாளைவிடத் தெளிவாக.

மாமனார் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். வழியே போன யாரிடமோ சொல்லியும்விட்டார். அவர் வாய் ஓட்டைப் பானை. பகலுக்குள் லைன் முழுக்க, செத்தவர் வண்ணார் குடிசையில் படுத்திருக்கிறார் என்று பேச்சு. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் எங்கள் துறையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாய்கூட வாசலில் படுக்கவில்லை என்று ஒருத்தி சொன்னாள், எங்களிடம் நாயே கிடையாது. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

“எரிச்சிடலாம் பொண்ணே” என்றார் மாமனார்.

“எரிச்சிட்டு எங்க போவறது?”

 மறுநாள் ஞாயிறு. விரிப்பு பளபளவென்று கட்டிலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டும். ஊருக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது குடிசையில் வேறு ஆள் இருப்பான்.

பயம் ஒரு பக்கம் இருக்க, என் கை யோசித்தது. விரிப்பின் ஓரத்தை, மெத்தைக்கு அடியில் செருகும் பகுதியை எடுத்தேன். விரல் நுனியை நனைத்து ஒரு சொட்டு வைத்தேன். ஊறவிட்டுக் காயவைத்துச் சாய்த்தேன். அங்கே சின்னதாக, வட்டமாக, ஒரு மங்கல். அவருடைய மங்கல் போலவே.

அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. இந்தப் பளபளப்பு நூலில் பிறந்தது இல்லை. கஞ்சியும் மெழுகும் பூசி, சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தேய்த்து ஏற்றினது. பங்களாச் சட்டையின் மார்புக்கு நான் கையால் செய்வதை அங்கே இயந்திரம் செய்திருக்கிறது. உருளை நூலைத் தட்டையாகப் படுக்க வைக்கிறது, கஞ்சி அதை எழவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் பட்டால் கஞ்சி கரைந்துபோகும். தண்ணீர் குடித்த பஞ்சு உப்பி, உருண்டு, எழுந்து உட்கார்ந்துவிடும். தட்டையாகக் கிடந்தபோது வெளிச்சத்தை நேராகத் திருப்பி அனுப்பினது, எழுந்ததும் நாலா பக்கமும் சிதற அடிக்கும். நான் வெறும் சூட்டால் அழுத்தினபோது நூல் படுத்தது உண்மைதான், ஆனால் பிடித்துக்கொள்ளக் கஞ்சி இல்லை. பனி ஈரம் பட்டதும் எழுந்துவிட்டது.

நூல் எழுந்தது. அவர் எழவில்லை. இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். சொன்ன பிறகும் அந்தத் துணிக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை.

அவர் இருக்கும் இடத்துக்கு மட்டும் கஞ்சி போட முடியாது. போட்டால் ஈரம் நின்ற விளிம்பு கோடாகக் காயும், அவருக்குக் கரை கட்டினது போல ஆகிவிடும். ஒரே வழிதான். விரிப்பு முழுவதையும் நனைத்து, இருக்கிற மெருகு அத்தனையும் கழுவி, புதிதாக நானே ஏற்ற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்ற துணியை முழுக்கத் தண்ணீரில் போடுவது. மாமனார் அதைத் தொடமாட்டேன் என்றார். தண்ணீரில் போட்டால் அவன் ஏரியில் இறங்கிவிடுவான், பிறகு துறையே நமக்கு இல்லை என்றார்.

மாற்றுக் கூலியாக வந்த அரிசியைத்தான் உலையில் போட்டேன். வீட்டில் வேறு அரிசி அத்தனை இல்லை. சீட்டிக்குச் சவுக்காரம் ஆகாது, உவர்மண்ணும் ஆகாது, இரண்டும் சாயத்தைக் கடிக்கும். குழைய வெந்த அரிசியின் வடிநீர், வெதுவெதுப்பாக, அதுவே போதும்.

அரிசி கொதித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். அவருடைய மனைவி. காரியம் முடியுமுன் வாசல் தாண்டக் கூடாதவள், முக்காடு போட்டுக்கொண்டு துறைக்கு வந்து நின்றாள். கண்ணில் நீர் இல்லை. அதைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது.

“அக்கா, அவரு இங்க இருக்காராமே.”

“யாரு சொன்னது? போய் வூட்ல உக்காரு தங்கச்சி.”

“ஒரு தபா காட்டுங்க. கும்புட்டுக் கேக்கறேன்.”

என்ன சொல்வது? சாயங்கால வெயில் ஏரிக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து தாழ்வாக வந்துகொண்டிருந்தது. விரிப்பைப் பலகையில் பரப்பினேன். வெளிச்சத்தின் பக்கம் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குனிந்து தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள், சந்தையில் துணி வாங்குகிறவள் மாதிரி. பிறகு கீழே முட்டிபோட்டு, மூன்று விரல் கைக்கு நேரே தன் கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

“இது அவருதான்” என்றாள். “அவங்க என்னெ மொகத்தெ பாக்கவே வுடல அக்கா. ஒரே கூட்டம். தூக்கிட்டாங்க.”

“இங்கயும் மொகம் இல்லியே தங்கச்சி.”

“கை இருக்குதே.”

நான் துணியின் ஓரத்தைத் தூக்கியபடியே நின்றேன். என் தோள் வலித்தது. அவள் அசையவில்லை.

“இத எனக்கே குடுத்துடுங்க அக்கா.”

இந்தக் கேள்விதான் வரும் என்று அவளைக் கண்டதுமே எனக்குத் தெரிந்திருந்தது. கொடுக்க என் கையில் இல்லை. துரை வீட்டுச் சொத்து, நாளைக்கு வேண்டும், இல்லாவிட்டால் எங்களுக்குக் கூரை இல்லை. இதை அவளிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. நியாயம் என் பக்கம் இருந்தும் நெஞ்சு அவள் பக்கம் இருந்தது. எரிச்சலில் மாமனாரைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், புகை அடங்கும்வரை நிற்கத் தெரியாத அந்தச் செத்த மனிதரையும் திட்டினேன்.

அவள் உலையைப் பார்த்தாள்.

“இன்னா பண்ணப் போறீங்க?”

“முழுசா நனைக்கணும். மெருகு பூரா போயிடும். அப்புறம் புதுசா ஏத்தணும்.”

“அவரு?”

“போயிடுவாரு.”

 அவள் எழுந்து முக்காட்டை இடுப்பில் செருகினாள்.

“அன்னிக்கு ஆம்பளைங்கதான் தண்ணி ஊத்தனாங்க. என்னெ கிட்டவே சேக்கல. இன்னிக்கு நான் ஊத்தறேன்.”

விரிப்பைத் தொட்டியில் விரித்தோம். வெதுவெதுப்பாக ஆறின வடிநீரை அவள் செம்பில் மொண்டு, தலைமாட்டிலிருந்து ஊற்றினாள், உயிரோடு இருப்பவருக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி, கண்ணில் போகாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு. கண் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதலில் தலையைச் சுற்றி இருந்த பளபளப்பு கரைந்தது, தலை மறைந்தது. தோளைச் சுற்றிக் கரைந்தது, தோள் மறைந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் எங்கும் போகவில்லை. சுற்றியிருந்த துணி முழுவதும் அவரைப் போலவே ஆகிவிட்டது, ஆகையால் அவர் எது, துணி எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கையை அவள் கடைசியில் விட்டுவைத்திருந்தாள். அதையும் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அப்போதுதான் அழுதாள், வாய்விட்டு, ஏரிக்கு அக்கரை கேட்கும்படி. எனக்கும் தாங்கவில்லை, கூடச் சேர்ந்து அழுதேன்.

மிச்ச வேலை என்னுடையது. முறுக்கிப் பிழியாமல், ஒற்றிப் பிழிந்தேன். முறுக்கினால் நூல் கோணிக்கொள்ளும். புதிதாகக் கஞ்சி காய்ச்சி, பங்களாவிலிருந்து வந்த மெழுகுவத்தித் துண்டைச் சீவிப் போட்டு, கரையும்வரை கிண்டி, மெல்லிய துணியில் வடிகட்டினேன். ஒரு கட்டி இருந்தாலும் அம்மைத் தழும்பு மாதிரி நிற்கும். அதில் விரிப்பைத் தோய்த்து, புகையில்லாத தணலின் பக்கத்தில் தொங்கவிட்டு, முக்கால் பதம் காய்ந்ததும் எடுத்துச் சுருட்டி வைத்தேன். ஈரம் எல்லா இடத்திலும் ஒன்றாகப் பரவ வேண்டும். காலையில் பலகையின் மேல் விரித்திருக்கும் கம்பளியை எடுத்துவிட்டு ஒரே ஒரு மெல்லிய துணி போட்டேன். மெத்தென்ற இடத்தில் மெருகு ஏறாது, கட்டையான இடம் வேண்டும். முதலில் உள்பக்கம் தேய்த்து, ஈரம் போகிற தறுவாயில் பூப்பக்கம் திருப்பி, பெட்டியை உடம்புப் பாரத்தோடு அழுத்தி ஓட்டினேன். பெட்டி போன தடத்தில் பளபளப்பு பிறந்துகொண்டே வந்தது. கடைசியாக ஒரு பெரிய சோழியால் உரசி உரசி நூலைப் படுக்க வைத்தேன். இந்தத் தடவை நூலைப் பிடித்துக்கொள்ளக் கஞ்சி இருந்தது.

அவள் விடியும்போதே வந்துவிட்டாள். மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் விரிப்பைச் சாய்த்தேன். வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தங்குதடையில்லாமல் போயிற்று. யாரும் இல்லை. நான் சந்தோஷப்பட வேண்டும். மறுபடி ஒரு தடவை சாய்த்துத் தேடினேன்.

“மெத்தைக்கு அடியில போறது எது அக்கா?” என்றாள்.

கால்மாட்டுப் பக்கத்து ஓரத்தைக் காட்டினேன். அவள் வலது கையைச் செம்புத் தண்ணீரில் நனைத்தாள். நான் தடுத்திருக்கலாம். இடது கையால் தன் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு, மீதிக் கையைப் பளபளப்பின் மேல் வைத்து, ஊறுகிறவரை அழுத்தினாள். எடுத்தபோது வெறும் ஈரம்தான் தெரிந்தது. காயட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். காய்ந்ததும் அவர் கை அங்கே இருந்தது. அதே அகலம் இல்லை, சின்னக் கைதான். ஆனால் மூன்று விரல்.

பட்லர் வந்து பிரித்துப் பார்த்து, “புதுசா இருக்குதே” என்றார். அவர் ஓரத்தைச் சாய்க்கவில்லை. குடிசை எங்களுக்கு நின்றது. கொஞ்ச நாளில் அவளைத் தாய்வீட்டார் வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். போகும்போது துறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், வண்டி மறையும்வரை.

தங்கச்சி போன பிறகு விரிப்பு துரை கட்டிலுக்கு வந்ததாம், அதிலிருந்து துரைக்குக் கால்மாட்டில் எப்போதும் குளிர்கிறதாம், கம்பளி கேட்கிறாராம் என்று பட்லர் பிறகு ஒரு நாள் சொன்னார். மேட்டு ஊர், குளிரத்தான் செய்யும் என்றேன். 

கோடை முடிந்து, யாரோ தேநீர் கொட்டிவிட்டார்கள் என்று விரிப்பு மறுபடி சலவைக்கு வந்தது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கால்மாட்டு ஓரத்தை எடுத்துச் சாய்த்தேன். கை இருந்தது. ஆனால் கொட்டின தேநீர் நடுவில் பெரிய இடத்துக்கு மெருகைத் தின்றிருந்தது. இடத்துக்கு இடம் ஒட்டுப்போட முடியாது, மறுபடி முழுக்க நனைக்க வேண்டும். மாமனார் அரிசி வடிநீரை ஊற்றினார், இந்தத் தடவை அவருக்குப் பயம் இல்லை, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினார். கை கரைந்தது. 

கஞ்சி ஏற்றினேன், மெழுகு ஏற்றினேன், பெட்டி ஓட்டினேன், சோழி உரசினேன். விரிப்பு முழுக்க ஒரே பளபளப்பு, ஒரு குறை சொல்ல முடியாது. மூங்கிலைச் சுருட்டக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். அவள் இருந்தது குடியாத்தத்துக்கும் அப்பால் எங்கோ ஓர் ஊரில். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செம்புத் தண்ணீரில் வலது கையை நனைத்தேன். இடது கையால் என் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் பிடித்து மேலே தூக்கிக்கொண்டேன்.